சராசரி விலை வரிக்கு உதவாது: பங்கு விற்ற லாபத்தைக் குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரிப்பது எப்படி

பங்கு விற்ற ஒருவரிடம் "எவ்வளவு லாபம்?" என்று கேட்டால், கைபேசியில் தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டுவார். வருமான வரிக் கணக்கில் அந்த எண்ணை அப்படியே எழுத முடியாது. செயலி, ஒரு நிறுவனத்தில் நாம் வெவ்வேறு நாட்களில் வாங்கிய பங்குகளை எல்லாம் ஒரே குவியலாக்கி, ஒரு சராசரி விலையைச் சொல்கிறது. வரிச் சட்டத்தின் கண்ணில் குவியல் என்று ஒன்று கிடையாது. விற்ற ஒவ்வொரு பங்கும் எந்த நாளில் வாங்கியது, அன்று என்ன விலை என்றுதான் அது கேட்கிறது.

முதல் முறை கணக்குப் போட்டபோது நானும் சராசரி விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கிக் கழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக எழுந்துவிட்டேன். லாபத்தின் தொகையும் தவறாக இருந்தது. அதைவிட மோசம், அதில் எவ்வளவு குறுகிய காலம், எவ்வளவு நீண்ட காலம் என்று சொல்ல என்னிடம் வழியே இல்லை. இரண்டுக்கும் வரி விகிதம் வேறு என்பதால், இந்தப் பிரிப்பு இல்லாமல் வரியைக் கணக்கிடவே முடியாது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனப் பங்குகளை, சந்தை வழியாகவே வாங்கி விற்று, பங்குப் பரிவர்த்தனை வரியும் செலுத்திய ஒருவரின் கணக்கை. ஒரே நாளில் வாங்கி அன்றே விற்பது இதில் சேராது. அது மூலதன ஆதாயமே அல்ல. ஊக வணிக வருமானம் என்று வேறு கணக்கில் போகிறது.

பன்னிரண்டு மாதக் கோடு

பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு எல்லைக்கோடு 12 மாதம். அதற்கு மேல் கையில் வைத்திருந்து விற்றால் கிடைப்பது நீண்ட கால மூலதன ஆதாயம். மற்றதெல்லாம் குறுகிய கால ஆதாயம். "மேல்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரல் 15 அன்று வாங்கிய பங்கை 2025 ஏப்ரல் 15 அன்று விற்றால், 12 மாதம் சரியாக முடிந்திருக்கிறதே தவிர, அதைத் தாண்டவில்லை. 16ஆம் தேதி விற்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நாளை எண்ணுவதற்கு எந்தத் தேதியை எடுப்பது என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. பங்கு வாங்கிய மறுநாள்தான் டீமேட் கணக்கில் வந்து சேர்கிறது. ஆனால் 12 மாதத்தை எண்ணும்போது, தரகர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பில் உள்ள வர்த்தகத் தேதியே கணக்கு. விற்கும்போதும் அப்படியே.

விகிதங்களைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 23 ஒரு திருப்பம். அதற்கு முன் குறுகிய கால ஆதாயத்துக்கு 15 சதவீதம். நீண்ட கால ஆதாயத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 10 சதவீதம். அந்த நாளிலிருந்து குறுகிய காலத்துக்கு 20 சதவீதம். நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம். இரண்டிலும் வரும் வரியின் மேல் 4 சதவீத செஸ் உண்டு. கீழே உள்ள கணக்கை 2025-26 நிதியாண்டுக்குப் போடுகிறேன். ஆகவே புதிய விகிதங்கள்தான்.

எந்தப் பங்கை விற்றீர்கள்?

ஒரு நிறுவனத்தின் பங்குகளை மூன்று முறை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் 10 அன்று 200 பங்கு, ஒன்று 400 ரூபாய். 2024 நவம்பர் 5 அன்று 150 பங்கு, ஒன்று 520 ரூபாய். 2025 மார்ச் 17 அன்று 100 பங்கு, ஒன்று 460 ரூபாய். மொத்தம் 450 பங்குகள். 2025 ஆகஸ்ட் 18 அன்று இவற்றில் 300 பங்குகளை, ஒன்று 700 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள்.

இந்த 300 எவை? டீமேட் கணக்கில் பங்குகளுக்கு முகம் கிடையாது. காகிதச் சான்றிதழ் இருந்த காலத்தில், இந்த எண்ணுள்ள சான்றிதழை விற்றேன் என்று காட்ட முடிந்தது. இப்போது முடியாது. அதனால் சட்டமே ஒரு விதியை வைத்திருக்கிறது: முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போகிறது. "எனக்கு மார்ச் மாதம் வாங்கியதை விற்கத்தான் விருப்பம்" என்று நாம் தேர்ந்தெடுக்க வழியில்லை.

ஆகவே முதலில் போவது ஜூன் மாதத்து 200 பங்குகள். விற்ற நாளில் அவற்றின் வயது 14 மாதத்துக்கு மேல், நீண்ட காலம். மீதி 100 பங்குகள் நவம்பரில் வாங்கியதிலிருந்து போகின்றன. அவற்றின் வயது ஒன்பது மாதத்துச் சொச்சம், குறுகிய காலம். நாம் கொடுத்தது ஒரே ஒரு விற்பனை ஆணை. வரிக் கணக்கில் அது இரண்டு விற்பனைகளாகப் பிளந்துவிட்டது. நவம்பர் பங்குகளில் 50, மார்ச் பங்குகள் 100 என 150 பங்குகள் உங்கள் கையில் இன்னும் இருக்கின்றன.

இப்போது ஆதாயம். விற்ற தொகையிலிருந்து வாங்கிய தொகையையும், இரு பக்கமும் கொடுத்த தரகுக் கட்டணம் போன்றவற்றையும் கழிக்க வேண்டும். தரகு, அதன் மீதான ஜி.எஸ்.டி., சந்தைக் கட்டணம், முத்திரைக் கட்டணம் எல்லாவற்றையும் கழிக்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியை மட்டும் கழிக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒப்பந்தக் குறிப்பின் கடைசி வரியில் இருக்கும் நிகரத் தொகையை அப்படியே எடுத்துவிட்டால், அதில் இந்த வரியும் கலந்திருக்கும். அதைப் பிரித்து விலக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். டீமேட் கணக்குக்கு ஆண்டுதோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் இங்கே இடமில்லை.

நம் எடுத்துக்காட்டில், ஜூன் மாதம் வாங்கியபோது பரிவர்த்தனை வரி நீங்கலாகக் கட்டணங்கள் 120 ரூபாய், நவம்பரிலும் 120, விற்றபோது 300 என்று கொள்வோம். விற்றபோது ஆன 300 ரூபாயைப் பங்கு எண்ணிக்கைப்படி பிரித்தால், 200 பங்குகளுக்கு 200, 100 பங்குகளுக்கு 100.

நீண்ட காலப் பகுதி: 200 பங்குகளை விற்று வந்தது 1,40,000 ரூபாய். அதில் விற்பனைக் கட்டணம் 200. வாங்கிய செலவு 80,000, அதற்கான கட்டணம் 120. எல்லாம் போக ஆதாயம் 59,680 ரூபாய்.

குறுகிய காலப் பகுதி: 100 பங்குகளை விற்று வந்தது 70,000 ரூபாய். விற்பனைக் கட்டணம் 100. வாங்கிய செலவு 52,000. நவம்பரில் 150 பங்குகளுக்கு 120 ரூபாய் கட்டணம் என்றால், 100 பங்குகளுக்கு 80. எல்லாம் போக ஆதாயம் 17,820 ரூபாய்.

சராசரி விலையை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று முறை வாங்கியதற்கும் சேர்த்து 2,04,000 ரூபாய். 450 பங்குகளால் வகுத்தால் ஒன்றுக்கு 453 ரூபாய் 33 காசு. கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 300 பங்குகளுக்கு லாபம் 74,000 ரூபாய் என்று வரும். வாங்கிய வரிசைப்படி போட்டால் 78,000. இன்னும் விற்காத மார்ச் மாதத்துப் பங்குகளின் விலையும் நவம்பர் மாதத்து மீதியின் விலையும் சராசரிக்குள் புகுந்து கணக்கைக் குழப்பியிருக்கின்றன. 4,000 ரூபாயைக் குறைத்துக் காட்டியதோடு, காலப் பிரிவும் கிடைக்காமல் போயிருக்கும்.

வரி எவ்வளவு?

நீண்ட கால ஆதாயம் 59,680 ரூபாய், 1,25,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டில் வேறு நீண்ட கால ஆதாயம் இல்லை என்றால் வரி ஏதும் இல்லை. குறுகிய கால ஆதாயத்துக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம். 17,820 ரூபாய்க்கு வரி 3,564. செஸ் சேர்த்தால் ஏறத்தாழ 3,707 ரூபாய்.

லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் நீண்ட காலத்தில் இருக்கிறது. வரி முழுவதும் மீதியிருக்கும் சிறிய துண்டின் மேல் விழுகிறது. அப்படியானால் அந்த 100 பங்குகளை மட்டும் விற்காமல், 2025 நவம்பர் 6 வரை காத்திருந்தால் அதுவும் நீண்ட காலமாகி, வரம்புக்குள் அடங்கி, வரியே இல்லாமல் போயிருக்குமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. 3,707 ரூபாயை 100 பங்குகளால் வகுத்தால், ஒரு பங்குக்கு 37 ரூபாய். இடைப்பட்ட காலத்தில் பங்கு விலை 700லிருந்து 663க்குக் கீழே இறங்கினால், வரியில் மிச்சப்படுத்தியதைவிட விலையில் இழந்தது அதிகம். பங்கு விலை ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்குவது ஒரே வாரத்தில்கூட நடக்கும். கோட்டைத் தாண்ட மூன்று நாள் பாக்கி என்றால் நான் காத்திருப்பேன். மூன்று மாதம் என்றால், வரியை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பங்கு கையில் இருக்கத் தகுந்ததா என்பதை மட்டும்தான் பார்ப்பேன்.

1,25,000 ரூபாய் என்பது ஒரு பங்குக்கோ ஒரு விற்பனைக்கோ உரியது அல்ல. ஒரு நிதியாண்டில் ஒருவருடைய பட்டியலிடப்பட்ட பங்குகள், பங்கு சார்ந்த மியூச்சுவல் பண்டுகள் எல்லாவற்றின் நீண்ட கால ஆதாயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வரம்பு. நம் ஆளுக்கு அதே ஆண்டில் வேறொரு பங்கில் 1,50,000 ரூபாய் நீண்ட கால ஆதாயம் வந்திருந்தால், மொத்தம் 2,09,680. வரம்பு போக மீதி 84,680. அதற்கு 12.5 சதவீதம் 10,585 ரூபாய். அதன் மேல் செஸ். ஒரு ஆண்டில் இந்த வரம்பைப் பயன்படுத்தாமல் விட்டால், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதைக் கேட்டு, பங்கு லாபமும் அதில் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தள்ளுபடி, தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் இந்த ஆதாயங்களுக்குக் கிடையாது. ஆண்டுக்கு ஒன்பது லட்சம் சம்பளம் வாங்குபவருக்குச் சம்பளத்தின் மேல் வரி இல்லாமல் போகலாம். மேலே பார்த்த 3,707 ரூபாயை அவர் கட்டித்தான் ஆக வேண்டும். அடிப்படை விலக்கு வரம்பு வேறு விஷயம். புதிய முறையில் அது நான்கு லட்சம். இந்தியாவில் வசிக்கும் ஒருவருடைய மற்ற வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தால், மீதியிருக்கும் இடத்தில் பங்கு ஆதாயத்தை வைத்து நிரப்பிக்கொள்ளலாம். வட்டியாக மூன்று லட்சம் மட்டும் வரும் ஒருவருக்கு அந்த 17,820 ரூபாயும் அந்த இடத்துக்குள் அடங்கிவிடும்; வரி இல்லை.

நட்டம் வந்தால்

நட்டத்துக்கும் காலப் பிரிவு உண்டு, ஆனால் விதி இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. குறுகிய கால நட்டத்தைக் குறுகிய கால ஆதாயத்திலும் கழிக்கலாம், நீண்ட கால ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நட்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். சம்பளத்திலோ வட்டியிலோ இரண்டையுமே கழிக்க முடியாது.

நம் ஆளுக்கு அதே ஆண்டில் இன்னொரு பங்கில் 30,000 ரூபாய் குறுகிய கால நட்டம் என்று கொள்வோம். முதலில் அது 17,820 ரூபாய் குறுகிய கால ஆதாயத்தை விழுங்கிவிடும். அந்த 3,707 ரூபாய் வரி மறைந்துவிடும். மீதி நட்டம் 12,180. இதைப் பத்திரமாக அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகலாம் என்று ஆசைப்படுவோம். முடியாது. இந்த ஆண்டிலேயே நீண்ட கால ஆதாயம் இருப்பதால், அதில்தான் கழிந்தாக வேண்டும். 59,680 என்பது 47,500 ஆகும். எப்படியும் வரி இல்லாமல் போயிருக்க வேண்டிய ஆதாயம் அது. 1,25,000 ரூபாய் வரம்பு, நட்டத்தைக் கழித்த பிறகுதான் பார்க்கப்படுகிறது என்பதால், அந்த 12,180 ரூபாய் நட்டம் ஒரு பைசாகூட மிச்சப்படுத்தாமல் கரைந்துபோகிறது. மார்ச் மாதக் கடைசியில் "வரிக்காக" நட்டத்தில் விற்பவர்கள், இந்த வரிசையைப் பார்த்துவிட்டு விற்பது நல்லது.

கணக்கு தடம் புரளும் இடங்கள்

போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம். வயது அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. பழைய பங்கு நீண்ட காலமாகவும், அதனால் பிறந்த போனஸ் பங்கு குறுகிய காலமாகவும் ஒரே கணக்கில் இருக்கும். பங்கைப் பிரிக்கும்போது அப்படி இல்லை. பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு, இரண்டு ரூபாய் முகமதிப்பில் ஐந்து பங்குகள் ஆனால், வாங்கிய விலை ஐந்தாகப் பிரியும், தேதி பழையதே.

இரண்டு டீமேட் கணக்குகள் வைத்திருந்தால், வாங்கிய வரிசை ஒவ்வொரு கணக்குக்கும் தனி. ஒரு கணக்கில் விற்றதற்கு இன்னொரு கணக்கில் கிடக்கும் பழைய பங்கை இழுத்துவர முடியாது. உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பங்குகளை மாற்றுவது விற்பனை ஆகாது. வாங்கிய தேதியும் விலையும் பழையபடியே இருக்கும். ஆனால் புதிய தரகருக்கு அந்தப் பழைய விவரம் தெரியாது. அவர் தரும் வரி அறிக்கையில் வாங்கிய விலை பூஜ்யம் என்றோ, மாற்றிய நாளின் விலை என்றோ இருக்கலாம். அறிக்கையில் ஏதாவது ஒரு பங்குக்கு லாபமும் விற்ற தொகையும் ஒன்றாகவே இருந்தால், அது போனஸ் பங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொள்முதல் விவரம் தொலைந்திருக்கிறது என்று பொருள். வருமான வரித் தளத்தில் கிடைக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் விற்ற தொகை பெரும்பாலும் சரியாக இருக்கும். வாங்கிய விலையை மட்டும் ஒப்பந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2018 ஜனவரி 31 வரை வாங்கி வைத்த பழைய பங்குகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நீண்ட கால ஆதாயத்துக்கு அதுவரை வரி இல்லாமல் இருந்து, 2018 ஏப்ரல் முதல் வரி வந்ததால், அந்த ஜனவரி 31 வரை ஏறிய லாபத்தை விட்டுவிடுகிறார்கள். அன்று சந்தையில் அந்தப் பங்கு தொட்ட அதிகபட்ச விலையையும் விற்ற விலையையும் பார்த்து, இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும். அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, அதிகமானதை வாங்கிய விலையாக வைக்க வேண்டும். 200 ரூபாய்க்கு வாங்கிய பங்கு அன்று 350 தொட்டிருந்து, இப்போது 700க்கு விற்றால், வாங்கிய விலை 350, ஆதாயமும் 350. விற்றது 300க்கு என்றால், வாங்கிய விலையும் 300. ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. 150க்கு விற்றால், பழைய 200தான் வாங்கிய விலை. 50 ரூபாய் உண்மையான நட்டம்.

கழிக்க முடியாமல் மிஞ்சிய நட்டத்தை, அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று கழிக்கலாம். ஆனால் நட்டம் வந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்பவருக்கும் வரி கட்டும் கடமை அப்படியே இருக்கும். நட்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை மட்டும் போய்விடும்.